கூர் மழுங்கினால் கணக்கு குறையும்

ஏதாவது ஓர் ஆலைக்குள் போய், தலைக்கு மேலே ஓடும் பெரிய குழாய்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். குழாயின் நடுவே இரண்டு தடித்த வளையங்களைப் போல்ட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். ஃபிளாஞ்ச் என்பார்கள் அதை. அந்த இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கும் இடையிலிருந்து ஒரு சின்ன இரும்புப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதில் சில எண்களும் பொறிக்கப்பட்டிருந்தால், அங்கே ஓர் ஆரிஃபைஸ் பிளேட் இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே தெரிவது அதன் கைப்பிடி மட்டும்தான். உள்ளே குழாயை அடைத்துக்கொண்டு நிற்பது ஒரு வட்டமான எஃகுத் தகடு. சில மில்லிமீட்டர் தடிமன், நடுவில் ஒரு வட்ட ஓட்டை. அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. குழாயில் ஓடும் தண்ணீர், நீராவி, எரிவாயு எதுவானாலும் மணிக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை இந்தத் தகட்டை வைத்துத்தான் உலகமெங்கும் ஏராளமான ஆலைகள் கணக்கிடுகின்றன. பாய்லருக்குப் போகும் தண்ணீர், அதிலிருந்து வரும் நீராவி, ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு விற்கும் எரிவாயு என்று பல இடங்களில் பில்லே இந்தத் தகட்டின் கணக்கில்தான் போடப்படுகிறது.

அந்தக் கணக்கு சரியாக இருப்பதும் தப்பாகப் போவதும் ஓட்டையின் விளிம்பைப் பொறுத்தது. அதுவும், தண்ணீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பு. அது கத்திமுனை போலக் கூராக இருக்கும்வரை அளவு சரி. தலைமுடியின் தடிமன் அளவுக்கு மழுங்கினாலே அளவு குறையத் தொடங்கிவிடும்.

ஓட்டை எப்படி அளக்கிறது?

ஒரு நிஜமான அளவை எடுத்துக்கொள்வோம். குழாயின் உள்விட்டம் 200 மில்லிமீட்டர். தகட்டின் ஓட்டை 100 மில்லிமீட்டர். உள்ளே மணிக்கு 125 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி பத்துக்கு மேல் வேண்டும், அந்த ஒரு மணி நேரத் தண்ணீரை ஏற்ற.

குழாயில் இந்தத் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1.1 மீட்டர். தகட்டை நெருங்கும்போது அத்தனை தண்ணீரும் சின்ன ஓட்டை வழியாகப் போயாக வேண்டும். அதனால் வேகம் எடுக்கிறது. வேகம் எடுக்கத் தேவையான ஆற்றல் தண்ணீரின் அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். தகட்டுக்கு முன்னால் அழுத்தம் அதிகம், தகட்டைத் தாண்டியதும் குறைவு. இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, மெல்லிய குழாய்கள் வழியாக அந்த இரண்டு அழுத்தங்களையும் ஒரு டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த மெல்லிய குழாய்களை இம்பல்ஸ் லைன் என்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர் இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புகிறது. நம் உதாரணத்தில் அந்த வித்தியாசம் 25 கிலோபாஸ்கல். இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் கொடுக்கும் அழுத்தம் அது.

ஓட்டையைத் தாண்டியதும் தண்ணீர் உடனே விரிந்துவிடுவதில்லை. குழாயின் ஓரத்தில் வந்த தண்ணீர் ஓட்டையை நோக்கிப் பக்கவாட்டில் பாய்ந்து வந்திருக்கிறது. கூரான விளிம்பில் அதனால் சட்டென்று திரும்ப முடியாது. வந்த வேகத்தில் இன்னும் உள்நோக்கிப் போகிறது. அதனால் தகட்டைக் கடந்த பிறகும் தாரை கொஞ்ச தூரம் ஒடுங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் மிகவும் மெலிந்து, அதன் பிறகுதான் விரிகிறது. மிகவும் மெலிந்த இடத்தில் தாரையின் பரப்பு ஓட்டையின் பரப்பில் ஏறக்குறைய 62 சதவீதம்தான். வேகம் அங்கே நொடிக்கு 7 மீட்டர். தொட்டியின் துளையிலிருந்து வெளியேறும் தாரை இப்படி ஒடுங்குவதை நியூட்டன் தன் பிரின்சிபியாவின் 1713 பதிப்பிலேயே விவரித்திருக்கிறார்.

ஓட்டையின் பரப்பையும் அழுத்த வேறுபாட்டையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஓட்டம் மிகையாக வரும். ஒடுங்கியதற்குக் கழித்துக்கொள்ள ஓர் எண் வேண்டும். அதை வெளியேற்றக் கெழு என்கிறார்கள். கூரான விளிம்புள்ள தகட்டுக்கு அது 0.6-ஐ ஒட்டி இருக்கும். நம் தகட்டுக்கு 0.60-க்குச் சற்று மேல். இந்த ஓர் எண்தான் பிறகு நமக்குப் பிரச்சினையாக வரப்போகிறது.

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது?

ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வேறுபாடும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது நான்கு மடங்காகிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதுதான் காரணம். வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைக் கொடுப்பது அழுத்தம் என்பதால் அழுத்த வேறுபாடும் நான்கு மடங்கு. இதையே திருப்பிச் சொன்னால், அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஓட்டம் இருக்கும்:

Q = k × √ΔP

Q என்பது ஓட்டம், ΔP அழுத்த வேறுபாடு. ஓட்டையின் பரப்பு, தண்ணீரின் அடர்த்தி, வெளியேற்றக் கெழு எல்லாம் சேர்ந்து உருவாகும் மாறாத எண் k. தொட்டியின் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியேறும் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று டோரிசெல்லி 1644-லேயே எழுதிவிட்டார். குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் அழுத்தத்தையும் வேகத்தையும் இணைத்து டேனியல் பெர்னோலி நூல் வெளியிட்டது 1738-ல்.

இந்த வர்க்கமூலம் நடைமுறையில் என்ன செய்கிறது என்று நம் குழாயிலேயே பார்ப்போம். முழு ஓட்டத்தில் அழுத்த வேறுபாடு 25 கிலோபாஸ்கல். ஓட்டம் பாதியானால் 6.25. கால்வாசியானால் 1.56. பத்தில் ஒரு பங்கானால் வெறும் 0.25 கிலோபாஸ்கல். அதாவது, மணிக்கு 12.5 கன மீட்டர் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்குச் சாட்சியாக டிரான்ஸ்மிட்டரின் கையில் இருப்பது ஓர் அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே.

இப்போது இம்பல்ஸ் லைன் ஒன்றில் ஓர் அங்குல நீளத்துக்குக் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். செங்குத்தாக நிற்கும் பகுதியில் அந்த ஓர் அங்குலம் முழுக்கப் பிழையாக வரும். முழு ஓட்டத்தில் அது அரை சதவீதப் பிழை, யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்தில் ஒரு பங்கு ஓட்டத்திலோ, குமிழி ஒரு பக்கம் இருந்தால் மீட்டர் சுழியைக் காட்டும். மறுபக்கம் இருந்தால் 10 சதவீதத்துக்குப் பதிலாக 14 சதவீதம் காட்டும். அதனால்தான் ஒரு தகட்டையும் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் வைத்து முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு வரைக்கும்தான் நம்பி அளக்கலாம் என்பது பழகிய இன்ஜினியர்களின் கணக்கு. தாளில் பேனா கோடு போடும் பழைய ரெக்கார்டர்களுக்கு வர்க்கமூலக் கட்டம் போட்ட வட்டத் தாள்கள் வரும். அவற்றில் மேல் அளவுகள் அகலமாக விரிந்திருக்கும், சுழிக்குப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கீழே வரும்போது இந்தக் கருவிக்குப் பார்வை மங்குகிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

வர்க்கமூலத்தால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். மூலம் எடுக்கும் வேலையை டிரான்ஸ்மிட்டரே செய்யலாம், கண்ட்ரோல் ரூம் கணினியும் செய்யலாம். இரண்டும் செய்தால் ஆபத்து. பாதி ஓட்டத்தில் 50 சதவீதம் காட்ட வேண்டிய இடத்தில், மூலத்துக்கு மூலம் எடுத்து 71 சதவீதம் காட்டும். முழு ஓட்டத்திலும் சுழியிலும் மட்டும் சரியாக இருக்கும். இரண்டு முனையை மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் இந்தத் தப்பு வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். டிரான்ஸ்மிட்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு புள்ளியையும் சோதிப்பது இதற்காகத்தான்.

விளிம்புதான் சான்றிதழ்

தராசு வாங்கினால் எடைக்கல் வைத்துச் சோதித்து முத்திரை போடுகிறார்கள். ஆரிஃபைஸ் பிளேட்டுக்கு அப்படி ஒன்றும் பெரும்பாலும் கிடையாது. தண்ணீர் விட்டுப் பார்க்காமலே குழாயில் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் எந்த நம்பிக்கையில் பில் போடுகிறார்கள்?

கடந்த நூறு ஆண்டுக்கு மேலாகச் செய்த சோதனைகளின் நம்பிக்கையில். அமெரிக்காவில் இயற்கை எரிவாயுவை அளப்பதற்காகத் தாமஸ் வேமவுத் என்ற பொறியாளர் இத்தகைய தகடுகளைச் சோதித்து, அந்த முடிவுகளை 1912-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் வழியாக வெளியிட்டார். பிறகு 1930-களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல அளவுக் குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டு விரிவாக அளந்தார்கள். அதற்குப் பின்னும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான அளவீடுகள் சேர்ந்தன. இவற்றிலிருந்து கிடைத்த முடிவு இதுதான்: குழாய், ஓட்டை, விளிம்பு, அழுத்தம் எடுக்கும் துளைகளின் இடம் எல்லாம் சோதனைச் சாலையில் இருந்த வடிவத்திலேயே இருந்தால், கெழுவும் அங்கே வந்த அதே எண்ணாகத்தான் இருக்கும். நம்முடையது போல ஓட்டை குழாயில் பாதி விட்டம் இருக்கும் தகட்டுக்கு, அந்த எண்ணை அரை சதவீதத்துக்குள் நம்பலாம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 5167 என்ற சர்வதேசத் தரநிலை.

அந்த வாக்குறுதி வடிவத்துக்குக் கொடுத்த வாக்குறுதி. வடிவம் மாறினால் அது செல்லாது. எனவே தரநிலை விளிம்பைப் பற்றிக் கறாராகச் சொல்கிறது: தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பின் வளைவு ஆரம், ஓட்டை விட்டத்தில் பத்தாயிரத்தில் நான்கு பங்குக்கு மேல் போகக் கூடாது. நம் 100 மில்லிமீட்டர் ஓட்டைக்கு அது 0.04 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

லேத் வேலை தெரிந்த யாருக்கும் இது பழக்கத்துக்கு எதிரான விஷயம். எந்தப் பொருளைக் கடைந்தாலும் முடித்ததும் விளிம்பில் ஓர் இழுப்பு அரம் போட்டு, கையைக் கிழிக்காதபடி பிசிறு எடுத்துக் கொடுப்பதுதான் நல்ல தொழிலாளியின் அடையாளம். ஆரிஃபைஸ் பிளேட்டில் அந்த ஒரே இழுப்பு தகட்டைக் கெடுத்துவிடும். சரிவு கொடுப்பதெல்லாம் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில்தான். அங்கே சுமார் 45 பாகையில் சாய்த்துக் கடைந்திருப்பார்கள். மாட்டும்போது தகட்டைத் திருப்பிப் போட்டு அந்தச் சரிந்த பக்கம் தண்ணீரைப் பார்த்தால், மீட்டர் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டக்கூடும். கைப்பிடியில் தண்ணீர் வரும் பக்கம் எது என்று பொறித்திருப்பது அதற்காகத்தான்.

மழுங்கினால் ஏன் குறைகிறது?

விளிம்பு கூராக இருந்தால் தண்ணீர் திரும்ப முடியாமல் ஒடுங்குகிறது என்று பார்த்தோம். விளிம்பு உருண்டுவிட்டால் தண்ணீருக்கு வளைந்து போக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. வளைவைத் தழுவிக்கொண்டு போவதால் முன்போல ஒடுங்குவதில்லை. தாரை சற்றுப் பருக்கிறது. பருத்த தாரைக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. வேகம் குறைந்தால் அழுத்த வேறுபாடும் குறைகிறது. குழாயில் ஓடுவது அதே 125 கன மீட்டர்தான். ஆனால் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் வேறுபாடு குறைந்துவிட்டது. கணினியோ பழைய கெழுவை வைத்துக்கொண்டு, ஓட்டம்தான் குறைந்திருக்கிறது என்று முடிவுக்கு வருகிறது.

எவ்வளவு குறையும்? சோதனைகளிலிருந்து கிடைத்த தோராயமான கணக்கு இது: விளிம்பின் வளைவு ஆரம் ஓட்டை விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், கெழு சுமார் அரை சதவீதம் கூடும். நம் தகட்டில் விளிம்பு 0.2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டால் சுமார் ஒரு சதவீதம். அரை மில்லிமீட்டருக்கு உருண்டால் சுமார் இரண்டரை சதவீதம். அதே 0.2 மில்லிமீட்டர் தேய்மானம் 20 மில்லிமீட்டர் ஓட்டையில் வந்தால் ஏறக்குறைய ஐந்து சதவீதம். சின்ன ஓட்டைக்குத்தான் அடி பலமாக விழும்.

ஒரு சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியலாம். எங்கள் உதாரணக் குழாயில் அது மணிக்கு 1.25 கன மீட்டர், ஒரு நாளைக்கு 30,000 லிட்டர், இடைவிடாமல் ஓடினால் ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 கன மீட்டர். தண்ணீருக்குப் பதில் நீராவியோ எரிவாயுவோ ஓடினால் அந்த ஒரு சதவீதத்துக்குப் பின்னால் எரிந்துபோன எரிபொருளின் விலை இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழுங்கல் எப்போதும் ஒரே திசையில்தான் பிழை தரும். ஓட்டை தேய்ந்து பெரிதானாலும் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். தகட்டின் முகத்தில் கிரீஸோ தாரோ படிந்தாலும் பொதுவாக அதே குறைவுதான். விற்பவர் தொடர்ந்து இழப்பார், வாங்குபவர் தொடர்ந்து லாபம் அடைவார். காலப்போக்கில் சரியாகிவிடும் பிழை இல்லை இது.

கூரைத் தின்பவை எவை? சுத்தமான தண்ணீரில் தேய்மானம் மெதுவாக நடக்கும். எரிவாயுவோடு வரும் மணல் துகள், ஈர நீராவியில் அதிவேகத்தில் பறந்து வரும் நீர்த்துளி, பழைய குழாயிலிருந்து உதிரும் துருச்செதில் இவையெல்லாம் வேகமாகத் தேய்க்கும். புதிதாகப் போட்ட குழாயில் வெல்டிங் கசடு முதல் நாளே விளிம்பில் வந்து அடித்துச் சிறு பள்ளம் உண்டாக்கிவிடும். ஆகவே குழாயை நன்றாகக் கழுவி ஓடவிட்ட பிறகுதான் தகட்டை மாட்ட வேண்டும். மனிதக் கையாலும் கெடும். அழுக்கெடுக்கிறேன் என்று எமரித் தாளால் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது, ஒட்டிக்கொண்ட கேஸ்கட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவது, கழற்றிய தகட்டைத் தரையில் வீசுவது. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் செய்யாததை ஐந்து நிமிடத்தில் இவை செய்துவிடும்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது

மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்ற சந்தேகம் வந்தால், பழி முதலில் டிரான்ஸ்மிட்டர் மேல்தான் விழும். அதைக் கழற்றிச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி, மறுபடி மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். தகடு குழாய்க்குள் இருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் இரண்டு பிழைகளுக்கும் கைரேகை வேறு. அந்த வேறுபாட்டைத் தருவதும் வர்க்கமூலம்தான்.

நம் குழாயின் தண்ணீர் 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு தொட்டியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால், மட்டம் எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து உண்மை அளவு தெரிந்துவிடும். 60 கன மீட்டர் வந்திருந்தால் மட்டம் 76.4 சென்டிமீட்டர் ஏறியிருக்கும்.

இந்தச் சோதனையில் உண்மையில் 60 வந்தபோது மீட்டர் 58.5 காட்டுகிறது என்று வையுங்கள். தகடு அரை மில்லிமீட்டர் மழுங்கியிருந்தால் இந்த எண்தான் வரும். ஆனால் தகடு புத்தம் புதிதாக இருந்து, டிரான்ஸ்மிட்டரின் சுழி 0.25 கிலோபாஸ்கல் இறங்கியிருந்தாலும் 58.7 வரும். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இந்த ஓர் ஓட்டத்தில் மட்டும் சோதித்தால் குற்றவாளி அகப்பட மாட்டான்.

இப்போது ஓட்டத்தை 120-க்குக் கூட்டி அளக்க வேண்டும், பிறகு 30-க்குக் குறைத்தும் அளக்க வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால் 120-க்கு 117.1 வரும், 30-க்கு 29.3 வரும். மேலேயும் கீழேயும் அதே இரண்டரை சதவீதம்தான் குறையும். ஏனென்றால் கெட்டுப்போனது கெழு. கெழு எல்லா ஓட்டத்திலும் பெருக்கல் எண்ணாக நிற்கிறது. சுழி இறங்கியிருந்தால் 120-க்கு 119.3 வரும், அது அரை சதவீதக் குறைவுதான். 30-க்கோ 27.3, ஒன்பது சதவீதக் குறைவு. பிழை மேலே மறைந்து கீழே பூதாகரமானால் டிரான்ஸ்மிட்டரையோ இம்பல்ஸ் லைனையோ பாருங்கள். எங்கேயும் ஒரே சதவீதம் குறைந்தால் போல்ட்டைக் கழற்றித் தகட்டை வெளியே எடுங்கள்.

இந்தச் சோதனைக்கும் வரம்பு உண்டு. தொட்டியின் விட்டம் ஒரு சென்டிமீட்டர் தப்பாக எழுதியிருந்தாலே 0.2 சதவீதம் போய்விடும். வெளியேறும் வால்வு கசிந்தால் முடிவே மாறிவிடும். அரை சதவீதப் பிழையைத் தொட்டியை வைத்துப் பிடிப்பது கடினம். இரண்டு, மூன்று சதவீதத்தைப் பிடித்துவிடலாம். தொட்டி இல்லாத இடத்தில், ஒரு பெரிய குழாயின் மீட்டரையும் அதிலிருந்து பிரியும் கிளைகளின் மீட்டர்களையும் அதிக ஓட்டத்திலும் குறைந்த ஓட்டத்திலும் கூட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தகட்டைக் கையில் எடுத்தால்

தகடு வெளியே வந்ததும் முதலில் செய்ய வேண்டியது துடைக்காமல் பார்ப்பது. படிந்திருக்கும் அழுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தடிமன் என்பதும் தகவல்தான். படம் எடுத்துவைத்துக்கொண்ட பிறகு, மெல்லிய துணியில் கரைப்பான் தொட்டு மென்மையாகத் துடைக்க வேண்டும். ஓட்டையை ஒட்டித் துடைக்கும்போது துணியை விளிம்பின் மேல் அழுத்தி இழுக்கக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். இருட்டான இடத்தில் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பின் மேல் டார்ச் வெளிச்சத்தை விட்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கூரான விளிம்புக்கு அகலம் கிடையாது. எனவே அது ஒளியைத் திருப்பி அனுப்பாது, தகட்டின் முகமும் ஓட்டையின் சுவரும் சந்திக்கும் இடம் ஒரு வெறும் கோடாகத் தெரியும். மழுங்கிய விளிம்பில் மெல்லிய வெள்ளி இழை ஒன்று மின்னும். சுற்றிலும் ஒரே அகலத்தில் மின்னினால் பொதுவான தேய்மானம். அடிப்பக்கத்தில் மட்டும் மின்னினால், குழாயின் அடியில் மணலோ துருவோ உருண்டு வந்திருக்கிறது. ஓரிடத்தில் புள்ளியாக மின்னினால் ஏதோ அடித்திருக்கிறது. கைதேர்ந்த டெக்னீசியன்கள் நகத்தையும் வைத்துப் பார்ப்பார்கள். கூரான விளிம்பு நகத்தைச் சீவும், மழுங்கியது வழுக்கிவிடும்.

ஓட்டையின் விட்டம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், வெறும் கண்ணுக்கு விளிம்பு ஒளியைப் பிரதிபலிக்காவிட்டால் போதும் என்று தரநிலை ஏற்றுக்கொள்கிறது. அதைவிடச் சின்ன ஓட்டைக்குக் கண் போதாது. மெல்லிய ஈயத் தகட்டை விளிம்பில் அழுத்தி அச்செடுத்து, உருப்பெருக்கியில் வைத்து ஆரத்தை அளக்கும் முறை இருக்கிறது. விட்டத்தையும் ஓர் இடத்தில் அளந்தால் போதாது. சம இடைவெளியில் குறைந்தது நான்கு இடங்களில் அளக்க வேண்டும். எந்த ஓர் அளவும் சராசரியிலிருந்து 0.05 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 100 மில்லிமீட்டருக்கு அது 0.05 மில்லிமீட்டர்.

மழுங்கிய தகட்டை அரம் போட்டுக் கூராக்க முடியாது. புதிய தகடு போட வேண்டும், அல்லது முகத்தையும் ஓட்டையையும் மறுபடி கடைய வேண்டும். கடைந்தால் ஓட்டை பெரிதாகும். அந்தப் புதிய விட்டத்தைக் கைப்பிடியில் பொறிப்பதோடு கணினியிலும் மாற்ற வேண்டும். விட்டம் அரை சதவீதம் கூடினாலே ஓட்டம் ஒரு சதவீதத்துக்கு மேல் கூடும் என்பதால், கணினியில் பழைய எண் அப்படியே இருந்தால் செலவு செய்து பழுது பார்த்தும் பிழை பழையபடிதான் நிற்கும்.

நீங்கள் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அல்லது இப்படி ஒரு மீட்டரின் கணக்கில் பணம் கொடுப்பவராகவோ வாங்குபவராகவோ இருந்தால், டிரான்ஸ்மிட்டரின் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். தகட்டின் விளிம்பைக் கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதி, அப்போது அளந்த விட்டம் என்ன, கணினியில் இருக்கும் விட்டம் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், அடுத்த ஷட்டவுன் பட்டியலில் அந்தத் தகட்டை இன்றே சேர்த்துவிடுங்கள்.